14 பக்க வகுப்புக் குறிப்பை வழிகாட்டியாக மாற்றி எழுதினேன், ஆனாலும் தேர்வில் கைகொடுக்கவில்லை. எங்கே தவறு?

தோணித்துறைக்காரி

எல்லோருக்கும் வணக்கம். நான் தாவரவியல் இரண்டாம் ஆண்டு. செமஸ்டருக்கு இன்னும் 19 நாள் இருக்கிறது. கடலோரத் தாவரங்கள் பற்றிய ஒரு யூனிட்டுக்கு வகுப்பில் எழுதிய குறிப்பு 14 பக்கம். சார் வேகமாகப் பேசுவார், போர்டில் பாதிதான் எழுதுவார், அதனால் நான் காதில் விழுந்ததை அப்படியே துண்டு துண்டாக எழுதி, அம்புக்குறி போட்டுப் போட்டு வைத்திருந்தேன்.

அதை ஒரு வாரம் உட்கார்ந்து 11 பக்கமாக மாற்றி எழுதினேன். தலைப்புகளுக்கு அடிக்கோடு, வரையறைகளுக்குப் பெட்டி, கடைசியில் 25 பயிற்சிக் கேள்வி. எழுதி முடித்த அன்று ராத்திரி தோழி கேள்வி கேட்டாள், 22க்குச் சரியாகச் சொல்லிவிட்டேன். ஐந்து நாள் கழித்து வகுப்பில் ஒரு சின்னத் தேர்வு வைத்தார்கள். அதே பாடம்தான், ஆனால் கேள்வியை வேறு மாதிரி கேட்டிருந்தார்கள், 20க்கு 8 மதிப்பெண்தான் வந்தது. மிச்சம் நான்கு யூனிட்டையும் இதே மாதிரி எழுத நினைத்திருந்தேன், இப்போது பயமாக இருக்கிறது.

ஒரு பகுதியை அப்படியே போடுகிறேன். இதில் வரும் ஆவுளியா என்பது கடற்பசு. வகுப்பில் எழுதியது இது:

> கடற்புல் – பூக்கும், வேர் உண்டு
> பாசி → பற்றுறுப்பு, பாறை
> ஆவுளியா இதைத்தான் தின்னும் (முக்கியம்!)
> அகார் – ஜெலிடியெல்லா, ஆல்ஜினேட் – சர்காசம்
> வெளிச்சம் வேணும், தண்ணி கலங்கினா போச்சு
> ரைசோம் மண்ணைப் பிடிக்கும்
> மன்னார் 21 தீவு

நான் மாற்றி எழுதியது இது:

> கடற்புல்: பூக்கும். வேர் உண்டு.
> கடற்பாசி: கடலில் வளரும் தாவரம். பற்றுறுப்பால் பாறையில் ஒட்டும். ஆவுளியாவின் உணவு. அகார், ஆல்ஜினேட் கிடைக்கும். வெளிச்சம் தேவை. ரைசோம் மண்ணைப் பிடிக்கும்.
> மன்னார் வளைகுடா: 21 தீவுகள்.
> கேள்வி: கடற்பாசி என்றால் என்ன? ஆவுளியாவின் உணவு எது?

இதில் என்ன குறை என்று சொல்லுங்கள்.

உச்சிப்புளி செல்வம்

தங்கச்சி, இதற்கு ஏன் இவ்வளவு சிரமப்படுகிறீர்கள்? ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் புத்தகக் கடைகளில் கேட்டால் யூனிட் வாரியாக கைடு கிடைக்கும், கேள்வி பதிலோடு. என் அண்ணன் மகன் அதைத்தான் வாங்கிப் படித்தான், பாஸ் ஆகிவிட்டான்.

தோணித்துறைக்காரி

அண்ணா, நான் கேட்டது கடையில் வாங்கும் கைடு இல்லை. எங்கள் பாடத்திட்டம் போன வருடம்தான் மாறியது, இந்த யூனிட்டுக்கு எதுவும் கிடைக்கவில்லை. என் குறிப்பை நானே மாற்றி எழுதுவது பற்றித்தான் கேட்கிறேன்.

தொண்டி ஸ்டடி ரூம்

நான் நான்கு வருடமாகப் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். உங்கள் வழிகாட்டி நீளம். 14 பக்கம் 11 பக்கம் ஆனால் அது சுருக்கம் இல்லை, நகல். நான்கு பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். இன்னொன்று, வரையறையை உங்கள் சொந்த வார்த்தையில் எழுதாதீர்கள், புத்தகத்தில் உள்ளதை ஒரு எழுத்து மாறாமல் எழுதி மனப்பாடம் பண்ணுங்கள். கையால் இரண்டு முறை எழுதினால் தானாக மனதில் நிற்கும். அவ்வளவுதான் விஷயம்.

தேவிபட்டினம் பழைய வாத்தியார்

அம்மா, உன் இரண்டு பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். முப்பது வருடம் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவன், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

நீளம் இல்லை பிரச்சினை. உன் வகுப்புக் குறிப்பில் இருக்கும் 'இதைத்தான்' என்ற ஒரு சொல்லைப் பார். ஆவுளியா இதைத்தான் தின்னும் என்று சார் சொன்னபோது அவர் கை எந்தப் பக்கம் காட்டியது? குறிப்பில் அதற்கு மேல் வரியில் பாசி இருக்கிறது, அதனால் நீ ஆவுளியாவைப் பாசித் தலைப்புக்குக் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டாய். ஆவுளியா முதன்மையாகத் தின்பது கடற்புல். அதே மாதிரி ரைசோம் கடற்புல்லுக்கு உள்ளது, பாசிக்குக் கிடையாது. ஒரே பத்தியில் இரண்டு விஷயம் இடம் மாறிப்போயிருக்கிறது.

வகுப்புக் குறிப்பில் இது எப்போதும் நடக்கும். பேசுகிறவர் முன்னும் பின்னும் போவார், கடற்புல்லில் ஆரம்பித்து, பாசிக்குப் போய், நடுவில் ஆவுளியா ஞாபகம் வந்து மறுபடி கடற்புல்லுக்குத் திரும்புவார். கேட்கிற பிள்ளை எழுதுவது மேலிருந்து கீழே ஒரே வரிசையாக. குறிப்பு கிறுக்கலாக இருக்கும்வரை உனக்கே ஒரு சந்தேகம் இருக்கும். அதையே அழகான தலைப்புக்குக் கீழே பெட்டி கட்டி எழுதிவிட்டால் சந்தேகம் போய்விடும், தவறு மட்டும் தங்கிவிடும். அப்புறம் அதிலிருந்து கேள்வியும் எடுத்து, அந்தத் தவறான பதிலை நீயே சரி என்று மார்க் போட்டுக்கொள்கிறாய். உன் 22இல் இது ஒன்றாக இருந்திருக்கும்.

அதனால் தலைப்பு எழுதும் முன் ஒரு வேலை செய். குறிப்பில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் எழுவாய் இருக்கிறதா என்று பார். 'வெளிச்சம் வேணும்' – யாருக்கு? 'மண்ணைப் பிடிக்கும்' – எது? எழுவாயை உன்னால் நிச்சயமாகச் சொல்ல முடியாத வரிக்கு ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடு, எந்தத் தலைப்புக்குக் கீழேயும் அதைக் கொண்டுபோகாதே. 14 பக்கத்துக்குப் பத்து பதினைந்து கேள்விக்குறி வரலாம். அவற்றைப் புத்தகத்திலோ, கூடப் படிக்கிறவர் குறிப்பிலோ, சாரிடமோ தீர்த்துக்கொண்டு பிறகு எழுது. புதுப் பக்கத்தில் ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில் பழைய குறிப்பின் பக்க எண்ணையும் சின்னதாகப் போட்டுவை, பின்னால் சண்டை வந்தால் திரும்பிப் போய்ப் பார்க்க வழி இருக்கும்.

தொண்டித் தம்பி சொன்னதில் ஒன்று சரி, நகல் எழுதுவது சுருக்கம் ஆகாது. ஆனால் இவள் குறிப்பை நான்கு பக்கமாகச் சுருக்கியிருந்தால் அந்தத் தவறும் சேர்ந்துதான் சுருங்கியிருக்கும்.

பெரியபட்டினம் மகள்

என் அம்மாவும் சித்தியும் பாசி எடுக்கப் போகிறவர்கள், விரலில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கி எடுப்பார்கள். இந்த இழையைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அம்மா உடனே சொன்னது: மரிக்கொழுந்தும் கட்டக்கோரையும் கல்லில் ஒட்டியிருக்கும், பிய்த்து எடுக்க வேண்டும். புல் மண்ணில் இருக்கும், பிடுங்கினால் வேரோடு வரும். சாரும் இதையேதான் பற்றுறுப்பு, ரைசோம் என்று சொல்லியிருக்கிறார் என்று நினைக்கிறேன். அம்மா சொல்கிற மரிக்கொழுந்துதான் உங்கள் குறிப்பில் உள்ள ஜெலிடியெல்லா, கட்டக்கோரைதான் சர்காசம்.

அப்புறம் 21 தீவு என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் இரண்டு, பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும், மூழ்கிவிட்டன. 21 தப்பு இல்லை, 1986இல் தேசியப் பூங்கா அறிவித்தபோது கணக்கு அதுதான். ஆனால் வெறும் எண்ணாக இருந்தால் எதற்கு 21 என்றே தெரியாது.

தேவிபட்டினம் பழைய வாத்தியார்

அம்மா சொன்னது ஒரு நல்ல தேர்வுக் கேள்விக்கான விடை. அதை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள் அந்தப் பிள்ளையை. தீவு விஷயமும் சரி. தனியாக நிற்கிற எண்ணுக்கு எப்போது, எதனுடைய கணக்கு என்று ஒரு சொல் சேர்க்க வேண்டும்.

தோணித்துறைக்காரி

சார், இன்று தோழியின் குறிப்பை வாங்கிப் பார்த்தேன். அவள் 'ஆவுளியா – கடற்புல், பாக் விரிகுடாவில் காப்பகம் 2022' என்று தெளிவாக எழுதியிருக்கிறாள். நான் தவறாகத்தான் எழுதியிருக்கிறேன். சின்னத் தேர்விலும் இதே கேள்வி வந்தது, பாசிப் படுகைகள் அழிந்தால் ஆவுளியாவுக்கு என்ன ஆகும் என்று ஒரு பக்கம் எழுதிவிட்டு வந்தேன்.

14 பக்கத்தையும் எழுவாய் பார்த்துக் குறித்தேன், 17 கேள்விக்குறி வந்தது. தோழி குறிப்பிலிருந்து 11 தீர்ந்தது, புத்தகத்தில் 3. மிச்சம் மூன்று திங்கட்கிழமை சாரிடம் கேட்பேன். ஆனால் வரையறையை என்ன செய்வது? தொண்டி அண்ணா புத்தகத்தில் உள்ளபடி என்கிறார்.

கீழக்கரை நர்ஸ் அக்கா

நான் நர்சிங் படித்தபோது மருந்தியல் குறிப்பை இதே மாதிரி மாற்றினேன். எங்களுக்கு எல்லாமே அட்டவணைதான், மருந்து, அளவு, பக்கவிளைவு, கவனிக்க வேண்டியது என்று நான்கு கட்டம். நீயும் அட்டவணை போடு. அதோடு நான் போனில் Google Docs-ல் அடித்தேன், தலைப்புக்கு வெறுமனே எழுத்தைப் பெரிதாக்காமல் `Heading 1`, `Heading 2` என்று தேர்ந்தெடுத்தால் எல்லாத் தலைப்பும் தனியாக ஒரு பட்டியலாக வரும், தொட்டால் அந்த இடத்துக்குப் போய்விடும். யூனிகோடில் அடிக்க வேண்டும். என் தோழி ஒருத்தி பழைய எழுத்துருவில் அடித்த 60 பக்கத்தில் ஒரு சொல்லைக்கூடத் தேட முடியவில்லை.

தேவிபட்டினம் பழைய வாத்தியார்

நர்ஸ் அம்மா சொன்ன அட்டவணை மருந்துக்கு நன்றாக இருக்கும், ஏனென்றால் எல்லா மருந்துக்கும் அதே நான்கு கேள்விதான். இங்கே கடற்புல்லுக்கும் பாசிக்கும் ஒரு சின்ன அட்டவணை போடலாம், எதில் நிற்கும், பூக்குமா, எது பிடிக்கிறது என்று. ஆனால் தண்ணீர் கலங்கினால் ஏன் போச்சு என்பதைக் கட்டத்துக்குள் அடைத்தால் காரணம் காணாமல் போகும். அதை முழு வாக்கியமாகவே எழுது.

வரையறைக்கு வருகிறேன். நீ எழுதியது, 'கடற்பாசி: கடலில் வளரும் தாவரம்'. இதை ஒரு சல்லடையாக நினைத்துக்கொள். சேர வேண்டியது எல்லாம் உள்ளே வருகிறதா, சேரக்கூடாதது ஏதாவது நுழைகிறதா? கடற்புல்லும் கடலில் வளரும் தாவரம்தான், நேராக உள்ளே வந்துவிடுகிறது. அதுவும் பாசியில் சர்காசம் மாதிரிப் பழுப்புப் பாசிகளை இன்றைய வகைப்பாட்டில் தாவரத்தில் சேர்ப்பதே இல்லை. இரண்டு பக்கமும் ஓட்டை.

பிறகு இப்படி எழுதிப் பார்: கடற்பாசி என்பது கடலில் வாழும், கண்ணுக்குத் தெரியும் அளவுள்ள பாசி, வேர், தண்டு, இலை என்ற பிரிவு கிடையாது, பூக்காது, பெரும்பாலும் பற்றுறுப்பால் கல்லில் ஒட்டி நிற்கும். கடற்புல் என்பது கடல்நீருக்குள் மூழ்கி வாழும் பூக்கும் தாவரம். உண்மையான வேரும் மண்ணுக்குள் ஓடும் ரைசோமும் உண்டு. முதலில் எந்த இனம் என்று சொல்கிறோம், அடுத்து பக்கத்தில் நிற்கும் இன்னொன்றிலிருந்து எது பிரிக்கிறது என்று சொல்கிறோம். ஒவ்வொரு வரையறைக்கும் கீழே ஓர் எடுத்துக்காட்டும், அது போலத் தெரிந்தாலும் அது இல்லாத ஒன்றும் எழுது. பாசிக்குக் கீழே 'மரிக்கொழுந்து ஆம், கடற்புல் இல்லை' என்று ஒரு வரி போதும்.

புத்தக வாசகத்தையே எழுதலாமா என்றால், இரண்டு மதிப்பெண் கேள்விக்கு அது பாதுகாப்பு, தம்பி சொல்வது அங்கே பொருந்தும். ஆனால் புத்தக வாசகத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒப்பிடச் சொன்னால் எழுத முடியாது. இரண்டையும் வைத்துக்கொள்.

தொண்டி ஸ்டடி ரூம்

சார், மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். 19 நாளில் மிச்சம் நான்கு யூனிட், அது போக மற்ற பாடங்களும் உண்டு. ஒவ்வொரு வரிக்கும் எழுவாய் பார்த்து, சல்லடை போட்டு, கேள்வி எழுதிக்கொண்டிருந்தால் படிப்பது எப்போது? இரண்டு மூன்று முறை நன்றாகப் படித்தாலே போதாதா?

தேவிபட்டினம் பழைய வாத்தியார்

நேரம் பற்றி நீ சொல்வது நியாயம். ஆனால் திரும்பத் திரும்பப் படித்தால் போதும் என்பது சரியில்லை. 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரு பத்தியைப் படித்துவிட்டு மறுபடி படித்தவர்கள் ஒரு பக்கம், ஒருமுறை படித்துவிட்டுப் பார்க்காமல் எழுதியவர்கள் ஒரு பக்கம். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்கள் 81 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 75 சதவீதம். ஒரு வாரம் கழித்து அது தலைகீழாக மாறி, 42க்கு எதிராக 56. இந்தப் பிள்ளையும் எழுதிய அன்று ராத்திரியே 22 வாங்கினாள். அது அந்த ஐந்து நிமிடத்துக் கணக்கு.

இன்னொரு காரணமும் இருக்கிறது. அம்மா, உன் கேள்விகள் குறிப்பின் சொற்களையே தூக்கி வைத்திருக்கின்றன. 'ஆவுளியாவின் உணவு எது?' என்றால் 'ஆவுளியாவின் உணவு' என்று எழுதிய வரியின் இடம்தான் கண்ணில் வரும், விஷயம் வராது. குறிப்பில் இல்லாத ஒரு நிலைமையைக் கேள்வியில் கொண்டுவா. உதாரணத்துக்கு மூன்று சொல்கிறேன்.

கரையில் ஒதுங்கிய பச்சைக் கொத்து ஒன்றைக் கையில் எடுக்கிறாய், அது பாசியா புல்லா என்று எதைப் பார்த்துச் சொல்வாய்? இதற்குப் பாசி எடுக்கும் அம்மா ஏற்கெனவே விடை சொல்லிவிட்டார்கள். அடுத்து, மணல் தரையாகவே உள்ள ஓரிடத்தில் கட்டக்கோரை ஏன் நிலைப்பதில்லை? மூன்றாவது, பல மாதம் தண்ணீர் கலங்கியே இருந்தால் கடற்புல் படுகைக்கு என்ன ஆகும், அதற்குப் பிறகு ஆவுளியாவுக்கு என்ன ஆகும்? கடைசிக் கேள்வியில் வெளிச்சம், ஒளிச்சேர்க்கை, உணவு மூன்றும் கோத்துக்கொண்டு வருகின்றன. குறிப்பில் அவை மூன்றும் தனித்தனி வரியாகக் கிடந்தன.

யூனிட்டுக்கு 25 வேண்டாம், இப்படி எட்டுப் பத்து போதும். விடையைக் கேள்விக்குக் கீழேயே எழுதாதே, கண் தானாக அங்கே போய்விடும். தனித் தாளில் எழுதி, பழைய குறிப்பின் பக்க எண்ணைப் போடு. எழுதிய அன்று ஒருமுறை, இரண்டு நாள் கழித்து, பிறகு ஒரு வாரம் கழித்துப் பார்க்காமல் எழுதிப் பார்.

தம்பிக்கு: ஐந்து யூனிட்டுக்கும் முழுதாக இதைச் செய்ய 19 நாள் போதாது என்றே நானும் நினைக்கிறேன். எழுவாய் பார்ப்பதை எல்லா யூனிட்டுக்கும் செய்யட்டும், ஒரு யூனிட்டுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். சல்லடையை ஒன்றோடொன்று குழம்புகிற சொற்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளட்டும். அகார் எதிலிருந்து வருகிறது என்பதற்கெல்லாம் சல்லடை தேவையில்லை.

தொண்டி ஸ்டடி ரூம்

அந்த அளவு என்றால் சரி சார். ஆனாலும் எனக்குப் புத்தக வாசகம்தான் நம்பிக்கை, எங்கள் தேர்வுகளில் ஒரு சொல் மாறினால் விடை மாறிவிடுகிறது.

தோணித்துறைக்காரி

அந்தப் பகுதியை மறுபடி எழுதினேன், பார்த்துச் சொல்லுங்கள். தலைப்பையும் மாற்றிவிட்டேன்.

> கல்லில் நிற்பதும் மண்ணில் நிற்பதும்: பாசியையும் புல்லையும் எப்படிப் பிரிப்பது? (கு. 6, 7)
>
> கடற்பாசி: கடலில் வாழும், கண்ணுக்குத் தெரியும் பாசி. வேர், தண்டு, இலை கிடையாது, பூக்காது. பற்றுறுப்பால் கல்லில் ஒட்டும். மரிக்கொழுந்து ஆம், கடற்புல் இல்லை.
> கடற்புல்: மூழ்கி வாழும் பூக்கும் தாவரம். வேரும் ரைசோமும் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். சைமோடோசியா ஆம், கட்டக்கோரை இல்லை.
>
> கடற்புல் போனால் யாருக்கு நட்டம்? (கு. 7, தோழி குறிப்பு 5)
>
> தண்ணீர் கலங்கினால் வெளிச்சம் தரைக்கு இறங்காது, புல் ஒளிச்சேர்க்கை செய்ய முடியாமல் மெலியும். ஆவுளியா புல்லையே நம்பியிருப்பதால் அதன் மேய்ச்சல் குறையும். ரைசோம் பிடித்திருந்த மண்ணும் நகர ஆரம்பிக்கும்.
>
> ? 'கப்பாஃபைகஸ் – படுகை – பிரச்சினை' (கு. 9, சாரிடம் கேட்க வேண்டும்)

அந்தக் கடைசி வரி எனக்கே புரியவில்லை. கப்பாஃபைகஸ் மிதவையில் வளர்க்கிற பாசி என்று தெரியும், கராஜீனன் எடுக்க. படுகைக்கும் அதற்கும் சார் என்ன சொன்னார் என்று தோழியும் எழுதவில்லை.

பெரியபட்டினம் மகள்

கப்பாஃபைகஸ் பவளப்பாறைமேல் படர்ந்து மூடிவிட்டது என்று குருசடைத் தீவுப் பக்கம் பேச்சு இருந்தது. சார் சொன்னது அதுவாக இருக்கலாம், ஆனால் நீங்கள் கேட்டே எழுதுங்கள். எங்கள் ஊரில் மிதவை போடுகிறவர்கள் அதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

தேவிபட்டினம் பழைய வாத்தியார்

கேள்விக்குறியை அப்படியே விட்டு வைத்தது நல்லது. 'படுகை' என்பது பவளப் படுகையா புல் படுகையா என்பதுதான் கேட்க வேண்டியது. முதல் தலைப்பு நன்றாக இருக்கிறது, படித்ததுமே பதில் சொல்லத் தோன்றுகிறது. ஒரே ஒரு திருத்தம், 'பெரும்பாலும் பற்றுறுப்பால்' என்று நான் சொன்னதில் 'பெரும்பாலும்' போய்விட்டது. மிதந்தே வாழும் சர்காசம் உண்டு, அட்லாண்டிக்கில் ஒரு கடல் பகுதிக்கே அதன் பெயர். அந்தச் சொல்லைத் திரும்பச் சேர்த்துவிடு.

கீழக்கரை நர்ஸ் அக்கா

ஒரு சந்தேகம் தங்கச்சி. உன் தேர்வு எந்த மொழியில்? பற்றுறுப்பு என்று எழுதிப் படித்துவிட்டு வினாத்தாளில் ஹோல்ட்ஃபாஸ்ட் என்று வந்தால்? நாங்கள் இரண்டு பெயரையும் எழுதி வைப்போம், ஆனால் பக்கம் நிறைந்துவிடும்.

தோணித்துறைக்காரி

வினாத்தாள் இரண்டு மொழியிலும் வரும் அக்கா, நான் தமிழில் எழுதுகிறேன். தலைப்பில் தமிழ், விடைத் தாளில் இரண்டும் என்று வைக்கலாமா என்று யோசிக்கிறேன், இன்னும் முடிவு பண்ணவில்லை. சார், 'பெரும்பாலும்' சேர்த்துவிட்டேன். திங்கட்கிழமை மூன்று கேள்விக்குறிக்கும் பதில் கிடைத்ததும் இங்கேயே போடுகிறேன். இன்று ராத்திரி இரண்டாவது யூனிட்டுக்கு எழுவாய் பார்க்க உட்காருகிறேன்.